“டிடிஎஸ் 500-க்குள் இருந்தால் போர்த் தண்ணீரைக் கவலையின்றிக் குடிக்கலாம்” என்ற பதிவுக்கு ஒரு மறுப்பு

வத்தல்மலை அடிவாரம்

சென்ற வாரம் காவேரிப்பட்டணம் விவசாயி அண்ணன் இங்கே எழுதிய பதிவைப் பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். என் உறவினர்கள் மூவர் எனக்கே அதை அனுப்பினார்கள். அதில் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த இடம் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரண்டு மாவட்டத்துக் குழந்தைகளைத் தொடுவதால், விரிவாகவே எழுதுகிறேன்.

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு. அவர் சொன்னதை முதலில் அவருடைய சொற்களிலேயே வைக்கிறேன்:

> “ஆர்ஓ இயந்திரம் விற்பவர்கள் நம்மைப் பயமுறுத்துகிறார்கள். வீட்டுக்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி வையுங்கள், சில நூறு ரூபாய்தான். எண் 500-க்குள் இருந்தால் அரசின் குடிநீர்த் தரத்துக்கு உட்பட்ட தண்ணீர் அது. அதைக் கவலையின்றிக் குடிக்கலாம். அதற்கும் ஆர்ஓ போட்டால் பாதிக்கு மேல் தண்ணீர் வீணாகும், சுண்ணாம்புச் சத்தும் போய்விடும். 2019-இல் பசுமைத் தீர்ப்பாயமே 500-க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடுக்கச் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டுப் போரில் 460 காட்டுகிறது, பத்து வருடமாகக் குடிக்கிறோம்.”

இதில் ஆர்ஓ தண்ணீரை வீணாக்கும் என்பது உண்மை. தீர்ப்பாயத்தின் உத்தரவும் உண்மை. 500 என்ற எண் இந்தியத் தரநிலையில் இருப்பதும் உண்மைதான்; கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்றும் அதில் உள்ளது. ஆனால் அதே தரநிலையில், மிகுந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடுக்குத் தனியாக ஒரு வரி இருக்கிறது. அது 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்கிறது அந்த வரி. 500 என்ற வரி நிறைவேறிவிட்டால் 1.5 என்ற வரியும் தானாக நிறைவேறிவிடும் என்று அந்தத் தரநிலை எங்கும் சொல்லவில்லை. அண்ணனின் வாதத்தில் எனக்குத் தெரியும் குறை இது ஒன்றுதான்.

மீட்டர் ஏன் புளோரைடைக் காட்டாது என்பதைப் பார்ப்போம். அதன் நுனியில் உள்ள இரண்டு சிறு கம்பிகளுக்கு இடையே தண்ணீர் வழியாக எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. அந்த அளவை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி, டிடிஎஸ் என்று திரையில் காட்டுகிறது. எந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தியது என்று அதற்குத் தெரியாது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளோரைடு, அதாவது பொறுக்கத்தக்க அளவைப் போல இரண்டு மடங்கு, ஒரு தண்ணீரில் இருந்தால், அது திரையில் கூட்டும் எண் பத்துக்குள்தான் இருக்கும். ஒரே குடத்துத் தண்ணீரைக் காலையில் ஒரு முறையும் வெயில் ஏறிய பின் ஒரு முறையும் அளந்தாலே அந்த அளவு மாற்றம் வந்துவிடுகிறது.

இதை எங்கள் வீட்டில் நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். எங்களிடம் இரண்டு நீர் ஆதாரங்கள் உண்டு. ஒன்று நிலத்தில் உள்ள பழைய கிணறு. அதன் தண்ணீர் சற்றே உவர்க்கும், துவரம்பருப்பு எளிதில் வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். மீட்டரில் 1150 காட்டியது. இன்னொன்று வீட்டுக்குப் பின்னால் 780 அடியில் போட்ட போர். மீட்டரில் 420. பருப்பு அரை மணியில் குழையும், சோப்பு பொங்கி நுரைக்கும், குடித்தால் இனிப்பாக இருக்கும். என் அம்மா அந்தத் தண்ணீரை ‘காவேரித் தண்ணீர் மாதிரி’ என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்வார். கிணற்றுத் தண்ணீரை மாட்டுக்கும் செடிக்கும் என்று ஒதுக்கிவிட்டு, போர்த் தண்ணீரையே ஆறு வருடம் குடித்தோம், சமைத்தோம்.

என் மகளுக்குப் பால்பல் விழுந்து முன்பற்கள் முளைத்தபோது அவற்றில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. இரண்டு வருடத்தில் அந்தத் திட்டுகளின் குறுக்கே காவி நிறக் கோடுகள் வந்தன. சாக்லேட் தின்றதால் வந்த கறை என்று நினைத்து அவளைக் கடிந்துகொண்டேன். அதற்கு இன்றும் வருந்துகிறேன். அரசுப் பல் மருத்துவர் ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த உடனே, “எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?” என்றுதான் முதலில் கேட்டார். கறை பல்லின் மேல் ஒட்டியிருந்தால் தேய்த்தால் போகும் என்றும், இது இடது வலது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கிடைக்கோடாக, பல்லுக்குள்ளேயே இருக்கிறது என்றும் கண்ணாடியில் காட்டினார்.

இரண்டு தண்ணீரையும் பிளாஸ்டிக் கேன்களில் பிடித்துக் குடிநீர் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தோம். கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு 0.9. நாங்கள் இனிப்பென்று குடித்த 420 டிடிஎஸ் போரில் 2.8.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. கால்சியம் மிகுந்த தண்ணீரில் புளோரைடு ஓர் அளவுக்கு மேல் ஏற முடியாது. கால்சியத்தோடு சேர்ந்து பாறையிலேயே படிந்துவிடும். நம் கருங்கல் பாறைகளின் இடுக்கில் நெடுங்காலம் தேங்கிய தண்ணீரிலோ கால்சியம் சுண்ணாம்பாக ஒதுங்கிவிட, சோடியமும் காரத்தன்மையும் மிஞ்சுகின்றன. அந்தக் காரத் தண்ணீர் பாறையில் உள்ள காக்காப்பொன் போன்ற கனிமங்களிலிருந்து புளோரைடைக் கரைத்தெடுக்கிறது, அதைப் பிடித்து வைக்கக் கால்சியமும் இல்லை. பருப்பை வேகவைக்கும் மென்மையும் புளோரைடும் ஒரே காரணத்தால் சேர்ந்து வருகின்றன. ஆகவே நம் பகுதியில் டிடிஎஸ் குறைந்த, வாய்க்கு இதமான ஆழ்போர்த் தண்ணீர்தான் அதிக ஆபத்தானது என்று சொல்வேன்.

அண்ணனின் 460 நல்ல தண்ணீராகவே இருக்கலாம். அதை அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதே என் மறுப்பு.

பாலக்கோடு தக்காளி

ஐயா சொல்வதைப் படித்தால் எல்லோரும் போரை மூடிவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் ஊரில் கிணற்றைச் சுற்றி மாட்டுக் கொட்டகையும் கழிப்பறைத் தொட்டியும் இருக்கின்றன. அந்தத் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கு வந்த வீடுகள் பல. புளோரைடு பல்லைக் கெடுக்கும், வயிற்றுப்போக்கோ உயிரையே கொண்டுபோகும். இதைச் சொல்லாமல் விடுவது சரியா?

வத்தல்மலை அடிவாரம்

நான் எழுதிய விதத்தில் அப்படி ஒரு பொருள் வந்துவிட்டது போலும். நாங்கள் கிணற்றுத் தண்ணீருக்குத் திரும்பவில்லை. திறந்த கிணற்றில் கிருமிக்கு வாய்ப்பு அதிகம்; குளோரின் போடாமல் அதைக் குடிக்கக் கூடாது. கிணறு நல்லது, போர் கெட்டது என்பது என் வாதமன்று. மீட்டர் கெட்டது என்று சொன்ன தண்ணீரில் புளோரைடு குறைவாகவும், நல்லது என்று சொன்ன தண்ணீரில் மூன்று மடங்காகவும் இருந்தது என்பதைக் காட்டவே இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். குடிக்கவும் சமைக்கவும் இப்போது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைத்தான் பயன்படுத்துகிறோம்.

பழைய சோதனைச்சாலை

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வத்தல்மலையாரின் மறுப்பு அடிப்படையில் சரி. ஆனால் அவர் கடைசியில் ஒரு படி கூடுதலாகத் தாண்டிவிட்டார், அதை இங்கேயே திருத்தாவிட்டால் அது இன்னொரு தவறான விதியாகப் பரவும்.

டிடிஎஸ் குறைந்தால் புளோரைடு கூடும் என்பது விதி அன்று. கால்சியம் குறைந்து சோடியமும் காரத்தன்மையும் கூடினால் புளோரைடு ஏற இடம் உண்டு என்பது மட்டுமே சரி. மொத்த உப்பு 1500-ஐத் தாண்டிய தண்ணீரிலும் அந்த உப்பு பெரும்பாலும் சோடியமாக இருந்தால் 3, 4 என்று புளோரைடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். 300 டிடிஎஸ் தண்ணீரில் 0.4 வந்ததையும் பார்த்திருக்கிறேன். நீங்கள் எடுத்துக்காட்டிய இரண்டு ஆதாரங்களும் உங்கள் வாதத்துக்கு வாகாக அமைந்துவிட்டன. பக்கத்து வீட்டுக் கிணறு 1150 காட்டிக்கொண்டே 2 மில்லிகிராம் புளோரைடும் வைத்திருக்கலாம். அதே காரணத்தால் ஆழத்தை வைத்தும் சொல்ல முடியாது. கருங்கல்லில் தண்ணீர் வெடிப்புகளின் வழியாக வருவதால், முப்பது அடி தள்ளிப் போட்ட இரண்டு போர்கள் வெவ்வேறு வெடிப்பைத் தொட்டு வெவ்வேறு முடிவு தரும்.

பரிசோதனை பற்றியும் இரண்டு விஷயங்கள். மாதிரி பிடிக்கும் முன் மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போன பிறகு, அதே தண்ணீரால் கேனை மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். இரண்டாவது, ஒரு முறை சோதித்துவிட்டு ஆயுள் முழுக்க நம்பாதீர்கள். கோடையின் கடைசியிலும் ஐப்பசி கார்த்திகை மழை முடிந்த பின்னும் ஒரே போர் வேறு வேறு எண் காட்டுவது சாதாரணம்.

ஊராட்சிகளில் இருக்கும் கையடக்கப் பெட்டியிலும் பார்க்கலாம். சில சொட்டு மருந்து விட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும், புளோரைடு கூடக்கூட அது மஞ்சளை நோக்கிப் போகும், அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டும். ஐயம் தீர அது போதும், ஆனால் 1.5-க்கு அருகில் வந்தால் கண்ணை நம்பாமல் கூடத்துக்கு எடுத்துப் போங்கள். படிகாரம் போட்டுத் தெளியவைத்த தண்ணீரில் அந்த நிறம் ஏமாற்றும்.

வத்தல்மலை அடிவாரம்

ஐயா, திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் வீட்டு அனுபவத்தை மாவட்டத்துக்கே பொதுவாக்கிவிட்டேன். என் பதிவின் அந்த வரியை ‘டிடிஎஸ் குறைந்த தண்ணீரிலும் புளோரைடு மிகுதியாக இருக்கலாம்’ என்று படித்துக்கொள்ளுமாறு எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

ஓசூர் ஆர்ஓ சர்வீஸ்

நான் பதினைந்து வருடமாக இந்த இயந்திரங்களைப் பொருத்திப் பழுது பார்க்கிறேன். விற்பவர்கள் பயமுறுத்துகிறார்கள் என்று அந்தப் பதிவில் எழுதியதைப் படித்து மனம் வருந்தியது. புளோரைடுக்கு ஆர்ஓ நல்ல தீர்வு என்பதை இங்கே யாரும் மறுக்க முடியாது. 900 டிடிஎஸ் உள்ளே போய் 70 வெளியே வருகிறது என்றால், மற்ற உப்புகள் போன அளவுக்குப் புளோரைடும் போகத்தானே செய்யும்? ஆகவே ஆர்ஓ போட்ட வீட்டில் இந்தக் கவலையே வேண்டாம்.

பழைய சோதனைச்சாலை

நீங்கள் சொல்வதில் பாதி முழுக்கச் சரி. இயந்திரத்துக்குள் தண்ணீரை வடிகட்டும் சவ்வு நன்றாக இருந்தால் புளோரைடில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் நீங்கிவிடும். சவ்வின் நிலையை அறிய, உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் மீட்டரில் ஒப்பிடுவதும் நல்ல வழி. மீதிப் பாதிக்கு உங்களையே கேட்கிறேன், தொழிலைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று வீட்டார் சொன்னால், உள்ளே இருக்கும் டிடிஎஸ் திருகை என்ன செய்வீர்கள்?

ஓசூர் ஆர்ஓ சர்வீஸ்

திறந்துவிடுவோம், ஐயா. அது இல்லாமல் குடிக்கவே முடியவில்லை என்று பலரும் சொல்வார்கள். 150, 200 வருகிற மாதிரி வைத்துவிடுவது வழக்கம்.

பழைய சோதனைச்சாலை

அந்தத் திருகு புதிதாகச் சத்து எதையும் சேர்ப்பதில்லை. சவ்வின் வழியே போகாத மூலத் தண்ணீரைச் சுத்தமான தண்ணீரோடு கலக்கிறது, அவ்வளவுதான். வத்தல்மலையார் வீட்டுப் போரையே எடுத்துக்கொள்வோம். மூலத் தண்ணீரில் புளோரைடு 2.8, சவ்வைத் தாண்டி வருவதில் ஏறத்தாழ 0.28. நான்கில் ஒரு பங்கு மூலத் தண்ணீர் கலந்தால் 0.9 வரும், அது பரவாயில்லை. பாதிக்குப் பாதி கலந்தால் 1.5-ஐத் தாண்டிவிடும். இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். மூலத் தண்ணீர் 900 உள்ள வீட்டில் 200 வரவைக்கச் சிறிதளவு கலந்தாலே போதும். மூலத் தண்ணீரே 420 என்றால், அதே 200 வரப் பாதிக்கு அருகில் கலக்க வேண்டியிருக்கும். டிடிஎஸ் குறைந்த வீட்டில்தான் திருகு அதிகம் திறக்கிறது. நம் பகுதியில் புளோரைடு உள்ள வீடு என்று தெரிந்தால் திருகை முழுக்க மூடிவைப்பதே நல்லது.

இன்னொன்று. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரில் புளோரைடு செறிந்திருக்கும். அதைச் சமையலுக்கோ மாட்டுத் தொட்டிக்கோ திருப்பாதீர்கள். கொதிக்கவைத்தாலும் இதே கதைதான், தண்ணீர் ஆவியாகும், புளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும். மெழுகுவர்த்தி வடிகட்டியும் புறஊதா விளக்கும் கிருமிக்கானவை, புளோரைடை அவை தொடுவதில்லை.

ஓசூர் ஆர்ஓ சர்வீஸ்

இந்தக் கணக்கை இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் எனக்கு நாற்பது வீடு இருக்கிறது. அடுத்த சர்வீஸுக்குப் போகும்போது தண்ணீர் பரிசோதித்தீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் திருகைத் தொடுவேன்.

ஊத்தங்கரை மருமகள்

என் கேள்வி வேறு. நான் திருமணமாகி இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. என் பற்கள் வெள்ளையாகவே இருக்கின்றன. என் கணவருக்கும் இரண்டு மகன்களுக்கும் பல் காவியாக இருக்கிறது. அதனால் இது பரம்பரை, தண்ணீருக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று என் மாமியார் சொல்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அதுவும் புளோரைடா? குடிக்க ஒரு வருடமாகக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம். சமையல் மட்டும் போர்த் தண்ணீரில்.

பழைய சோதனைச்சாலை

அம்மா, உங்கள் பற்கள் வெள்ளையாக இருப்பதே தண்ணீரை நோக்கித்தான் கை காட்டுகிறது. பல்லின் மேற்பூச்சு ஈறுக்குள் உருவாகும் வயதில், அதாவது ஏறத்தாழ எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர்தான் பல்லில் தெரியும். நீங்கள் அந்த வயதை வேறு ஊரில் கழித்துவிட்டீர்கள். உங்கள் கணவரும் மகன்களும் இங்கேயே கழித்தார்கள். ஆனால் பல் வெள்ளையாக இருப்பதால் உங்களுக்குப் பாதிப்பே வராது என்று பொருளில்லை, எலும்பில் சேர்வதற்கு வயது வரம்பு கிடையாது.

உங்கள் மாமியாரின் வலியைப் பற்றி நான் மருத்துவன் அல்லன். அந்த வயதில் முழங்கால் வலிக்குப் பல காரணங்கள் உண்டு. கழுத்தும் முதுகும் இறுகிப்போவது புளோரைடிலும் வரும், வேறு நோய்களிலும் வரும். மருத்துவரிடம் போகும்போது குடித்த தண்ணீரைப் பற்றியும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர் முன்கையை எக்ஸ்ரே எடுப்பார், அங்கே இரண்டு எலும்புக்கும் நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் தெரியும்.

வத்தல்மலை அடிவாரம்

சகோதரி, கடைசியாக நீங்கள் எழுதிய ஒரு வரி எங்கள் வீட்டிலும் நடந்தது. பரிசோதனை முடிவு வந்ததும் குடிக்கும் தண்ணீரை மட்டும் மாற்றினோம், சமையல் பழையபடியே போரில் நடந்தது. ஒரு நாள் குவளையால் அளந்து பார்த்தோம். ஐந்து பேருக்குச் சமையலுக்கு 7 லிட்டர் எடுத்தோம். அரிசியையும் காய்கறியையும் கழுவிக் கொட்டியது போக, 4 லிட்டர் சோற்றிலும் குழம்பிலும் களியிலும் அப்படியே தங்கி எங்கள் வயிற்றுக்குள் போனது. களி கிண்டும்போது மாவைவிட அதிகமாகத் தண்ணீர்தான் உள்ளே போகிறது, அது எங்கும் வடிவதுமில்லை. 4 லிட்டரில் 2.8 என்றால் ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம், ஐந்து பேருக்குள். நாங்கள் குடிக்கும் தண்ணீருக்குக் கேன் வாங்கிப் பெற்ற நன்மையில் பெரும் பங்கை அடுப்படியில் இழந்துகொண்டிருந்தோம். மழைக்காலத்தில் தண்ணீர் பஞ்சமில்லாத நாளிலாவது உலைக்கும் களிக்கும் பருப்புக்கும் நல்ல தண்ணீரை வைத்துக்கொண்டு, கழுவுவதற்கு மட்டும் போரைப் பயன்படுத்துங்கள்.

மொரப்பூர் ரயிலடி

ஒகேனக்கல் திட்டம் 2008-இல் தொடங்கி 2013-இல் தண்ணீர் வந்துவிட்டது. ஜப்பான் கடனுதவியோடு அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்ததே புளோரைடுக்காகத்தான். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் இதைப் பேசிக்கொண்டிருப்பது எனக்குப் புரியவில்லை. குழாயைத் திறந்தால் காவேரி வருகிறது.

காவேரிப்பட்டணம் விவசாயி

என் பதிவை மறுத்து எழுதியவர் என் வரிகளை வெட்டாமல் எடுத்துப் போட்டதற்கு முதலில் நன்றி. அண்ணன் என்று அழைத்ததற்கும்.

500 என்பதைத் தரநிலையின் முழுச் சான்றிதழாக எழுதியது என் தவறு. புளோரைடு தனி வரி என்பது எனக்குத் தெரியும், ஆனால் அது உப்பு அதிகமான தண்ணீரில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பதிவின் மேலேயே திருத்தம் போட்டுவிட்டேன். எங்கள் 460 போரிலிருந்து நாளைக்கே மாதிரி எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போகிறேன்.

ஆனால் மொரப்பூர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும், அதில் என் மீட்டருக்கும் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டிக்குக் காவேரித் தண்ணீரும் வருகிறது, ஊராட்சிப் போரும் இணைந்திருக்கிறது. காவேரி குறைவாக வந்த நாளில் தொட்டியை நிரப்பப் போரையும் ஓட்டுகிறார்கள். குழாயில் வருவது எது என்று பார்வையிலோ ருசியிலோ தெரியாது. ஆனால் காவேரி மட்டும் வந்த நாளில் என் மீட்டர் 240 காட்டும், ஊராட்சிப் போர் தனியாக 880. நேற்றுத் தெருக்குழாயில் 560 காட்டியது. அப்படியானால் பாதிக்குப் பாதி கலந்திருக்கிறது என்றுதானே பொருள்? ஊராட்சிப் போரின் புளோரைடை ஒரு முறை கூடத்தில் அளந்துவிட்டால், அதன் பிறகு அன்றாடம் குழாயில் எவ்வளவு வருகிறது என்று மீட்டரை வைத்தே கணக்கிடலாம் அல்லவா?

பழைய சோதனைச்சாலை

கணக்கிடலாம். எனக்கு இது தோன்றவில்லை, நல்ல யோசனை. போரில் 2.4-ம் காவேரியில் 0.4-ம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 560 காட்டும் நாளில் குழாய்த் தண்ணீரில் 1.4 வரும், எண் 600-ஐ நெருங்கினால் அன்று குழந்தைகளுக்கு வேறு தண்ணீர் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டு நீருக்கும் டிடிஎஸ் வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் இது உதவும். காவேரியின் எண்ணும் மழைக்கு மழை மாறும், ஆகவே தனித் தண்ணீரை அவ்வப்போது அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வத்தல்மலை அடிவாரம்

அண்ணனின் வழி அவர் ஊருக்குப் பொருந்தும். எங்கள் தெருவுக்கு அது உதவாது என்பதுதான் என் கவலை. எங்கள் ஊராட்சிப் போரும் என் வீட்டுப் போரைப் போலவே 400-ஐ ஒட்டித்தான் காட்டுகிறது. காவேரிக்கும் அதற்கும் இடையே இருநூறு எண் வித்தியாசம்கூட இல்லை. மீட்டரின் சொந்தப் பிழையும் தண்ணீரின் சூடும் சேர்ந்தால் கலவையைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கலக்கும் நாளை ஊராட்சி அறிவிக்க வேண்டும் என்று கிராம சபையில் கேட்டோம். பம்ப் இயக்குபவர் ஒருவரே மூன்று தொட்டிகளைப் பார்க்கிறார், அவரால் எழுதி வைக்க முடியவில்லை என்று பதில் வந்தது. அவர் மேல் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

ஊத்தங்கரை மருமகள்

மாமியாரிடம் என் பல்லைப் பற்றிய விளக்கத்தைப் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் தங்கை அரூரில் வாழ்க்கைப்பட்டாலும் பிறந்து வளர்ந்தது இதே வீட்டில்தான், அவள் பல்லும் காவிதான் என்றார். இன்று மாலை உலைக்குக் கேன் தண்ணீரை அவரே ஊற்றினார். ஒரு கேள்வி மட்டும்: சின்ன மகனுக்கு ஆறு வயது, கடைவாய்ப் பற்கள் இன்னும் முளைக்கவில்லை. இப்போது தண்ணீரை மாற்றினால் அந்தப் பற்களாவது தப்புமா?

பழைய சோதனைச்சாலை

முன்பற்களின் பூச்சு இந்நேரம் உருவாகி முடிந்திருக்கும், அதை மாற்ற முடியாது. பின்னால் முளைக்கும் பற்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, இன்றைக்கே மாற்றுவதில் பயன் உண்டு. எவ்வளவு தப்பும் என்பதைப் பல் மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கேன் தண்ணீரிலும் ஒரு மாதிரி எடுத்துப் பரிசோதியுங்கள் அம்மா, அதை நிரப்பும் இடத்திலும் ஒரு திருகு இருக்கலாம்.

காவேரிப்பட்டணம் விவசாயி

மாதிரி கொடுத்துவிட்டு வந்தேன். முடிவு வந்ததும், எந்த எண்ணாக இருந்தாலும், இதே இழையில் போடுகிறேன்.